தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம்
மாணவர்களுக்கான யூடியூப் பாடச் சேனலைத் திட்டமிடும் முறை

நம் ஊரில் பட்டப்படிப்பு முடித்த சகோதரிகளும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகளுக்காக யூடியூபில் பாடம் நடத்த முன்வந்தால், முதலில் எழும் கேள்வி எதை எடுப்பது என்பதாக இருக்கும். எப்போது வெளியிடுவது என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமானது. நல்ல பாடம் பிந்தி வந்தால், அது தேவைப்பட்ட பிள்ளையின் கையில் போய்ச் சேராது. பத்தாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை இங்கே பார்ப்போம்.

பார்வைகள் எப்படி ஏறி இறங்குகின்றன?

2025-ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28 அன்று தமிழுடன் தொடங்கியது. ஏப்ரல் 2 ஆங்கிலம், 4 விருப்ப மொழி, 7 கணிதம், 11 அறிவியல், 15 சமூக அறிவியல். இப்படிப்பட்ட அட்டவணையில் பாடச் சேனலின் பார்வை வரைபடம் ஒரே மலையாக இருக்காது, ரம்பத்தின் பற்களைப் போல இருக்கும். ஆங்கிலத் தேர்வு முடிந்த மதியமே ஆங்கிலக் காணொளிகள் விழும், கணிதக் காணொளிகள் எழும். கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவு உச்சத்தைத் தொட்டு, மறுநாள் பிற்பகலில் அடியோடு இறங்கிவிடும்.

இந்த உச்சத்தைப் பார்த்ததும், அந்த இரவில் புதிதாக ஒன்றை வெளியிட வேண்டும் என்றே பலருக்கும் தோன்றும். ஆனால் அந்த இரவில் பிள்ளைகள் புதிய பாடத்தைத் தேடுவதில்லை. ஏற்கெனவே படித்ததில் தடுமாறும் இடத்தைத்தான் தேடுகிறார்கள். அன்று மாலை ஏற்றிய காணொளி தேடலில் மேலே வருவதற்கு நேரம் பிடிக்கும். அதில் ஒரு பிழை இருந்தால் திருத்தவும் அவகாசம் இல்லை. யூடியூபில் காணொளியின் ஒரு பகுதியை வெட்டி நீக்கலாம், ஆனால் அதே இணைப்பில் வேறு காணொளியை மாற்றி வைக்க முடியாது. புதிதாக ஏற்றினால் இணைப்பும் புதிதாகிவிடும். வாட்ஸ்அப்பில் போன பழைய இணைப்பைத் திறக்கும் பிள்ளைக்குப் பிழையான கணக்குதான் கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது.

எனவே பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நாளையும் நாம் வெளியிடும் நாளையும் ஒன்றாக வைக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும்.

வரைபடத்தைப் படிக்கும்போது ஒரு கவனம்

யூடியூப் ஸ்டுடியோவின் Analytics பக்கத்தில் நாள்வாரியாகக் காட்டப்படும் எண்ணிக்கை நம் நாட்டு நேரப்படி கணக்கிடப்படுவதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவில்தான் அங்கே நாள் மாறுகிறது. ஏப்ரல் மாதத்தில் அது நமக்குப் பகல் 12.30 மணி. ஆகவே ‘ஏப்ரல் 6’ என்று அங்கே காட்டுவது, நமக்கு ஏப்ரல் 6 பகல் 12.30 முதல் ஏப்ரல் 7 பகல் 12.30 வரை உள்ள நேரம். கணிதத் தேர்வின் முந்தைய மாலை, இரவு, பிள்ளை காலை 10 மணிக்குத் தேர்வறைக்குள் போகும் முன் கடைசியாகப் புரட்டிய நேரம் எல்லாமே அந்த ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். இது தெரியாதவர், ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பிள்ளைகள் பார்த்தார்கள் என்று முடிவு செய்துவிடுவார்.

கடைசி 48 மணி நேரத்தை மணிவாரியாகக் காட்டும் வரைபடம் நம் நேரத்தில் வரும். அது கடந்து போய்விடும் என்பதால், ஒவ்வொரு தேர்வின் மறுநாளும் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

சென்ற ஆண்டுடன் ஒப்பிடும்போதும் தேதியை வைத்து ஒப்பிடக் கூடாது. 2024-இல் கணிதத் தேர்வு ஏப்ரல் 1 அன்று நடந்தது, 2025-இல் ஏப்ரல் 7 அன்று. இரண்டு ஆண்டுகளிலும் ஏப்ரல் 5-ஆம் தேதியை எடுத்துப் பார்த்தால், ஒன்று தேர்வு முடிந்த நாள், மற்றது தேர்வுக்கு இரண்டு நாள் முன். ‘தேர்வுக்கு இரண்டு நாள் முன்’, ‘ஒரு நாள் முன்’ என்று எண்ணி ஒப்பிட்டால்தான் சேனல் வளர்ந்ததா, தளர்ந்ததா என்பது தெரியும்.

25 வாரத் திட்டம்

2025 தேர்வுக்கான அட்டவணை 2024 அக்டோபர் 14 அன்று அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து கணிதத் தேர்வுக்குச் சரியாக 25 வாரங்கள் இருந்தன. வார இறுதியில் மட்டும் படம்பிடிக்கக் கூடிய ஓர் ஆசிரியரும் இரண்டு உதவியாளர்களும் அதை எப்படிப் பங்கிட்டிருக்கலாம் என்று பார்ப்போம்.

முதல் 11 வாரங்கள், அதாவது டிசம்பர் இறுதிவரை, முழுப் பாடங்களுக்கு. கணிதப் புத்தகத்தில் எட்டு அலகுகள். அலகுக்கு ஒரு வாரம் வைத்தால் எட்டு வாரம் போக மூன்று வாரம் மிஞ்சும். அதை நிரப்பாமல் விட்டுவைக்க வேண்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் உண்டு, மழையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் ஊரில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரமும் இணையமும் இல்லாத வாரங்களுக்குத் திட்டத்தில் இடம் வேண்டும்.

அடுத்த 7 வாரங்கள், பிப்ரவரி நடுப்பகுதிவரை, திருப்புதல் தேர்வுக் காலம். இப்போது அலகுவாரியாக அன்றி, வினாத்தாளின் பகுதிவாரியாக எடுக்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணுக்குப் பத்து, ஐந்து மதிப்பெண்ணுக்குப் பத்து, எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். கணிதம் கடினம் என்று அஞ்சும் பிள்ளைக்கு இந்த 16 மதிப்பெண் பெரிய கைத்தாங்கல். ஆகவே இதற்கு முதலிடம் தரலாம்.

கடைசியாக மார்ச் 23 வரையுள்ள ஐந்து வாரங்கள் குறுங்காணொளிகளுக்கு. ஒரு காணொளியில் ஒரே வகைக் கணக்கு, ஐந்து அல்லது ஆறு நிமிடம் போதும். தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளை தேடப்போவது இவற்றைத்தான். மார்ச் 23-க்குப் பிறகு புதிதாக எதுவும் வேண்டாம். எஞ்சிய இரண்டு வாரமும் இன்னொரு கணித ஆசிரியர் எல்லாவற்றையும் பார்த்துப் பிழை சொல்வதற்கும், அதைத் திருத்துவதற்கும் உரியவை.

முந்தைய இரவில் என்ன செய்வது?

ஏப்ரல் 2 மதியம் ஆங்கிலம் முடிந்ததும், சேனலின் முகப்பில் கணித வரிசையை மேலே கொண்டுவர வேண்டும். வகுப்புக் குழுக்களில் ஒரே ஓர் இணைப்பை மட்டும் அனுப்ப வேண்டும். பத்து இணைப்புகளை அனுப்பினால் பிள்ளை எதையும் திறக்காது.

நீண்ட பாடங்களையும் அந்த இரவுக்குப் பயன்படும்படி செய்யலாம். காணொளியின் விளக்கப் பெட்டியில் நேரக் குறிப்புகளை எழுதினால், யூடியூப் அதைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். முதல் குறிப்பு 00:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் வரிசையாக வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. தொடுகோடு வரைதல் பற்றிய பாடத்துக்கு இப்படி:

```
00:00 தேவையான கருவிகள்
01:40 வட்டமையத்தைப் பயன்படுத்தித் தொடுகோடு
09:15 மாற்று வட்டத்துண்டு தேற்றத்தின் மூலம்
17:30 வெளிப்புள்ளியிலிருந்து இரு தொடுகோடுகள்
```

வெளிப்புள்ளிக் கணக்கு மட்டும் தெரியாத பிள்ளை நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். தேர்வு முடிந்தபின் அந்தக் காணொளியின் பார்வைத் தக்கவைப்புக் கோட்டைப் பாருங்கள். நடுவில் எங்கே மேடு எழுந்திருக்கிறதோ, அந்த இடத்தைப் பலர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த ஆண்டு அதைத் தனிக் குறுங்காணொளியாக எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் தவிர்ப்போம். ‘இந்த ஐந்து கேள்வி உறுதி’ என்று தலைப்பிட்டால் அந்த இரவில் பார்வைகள் குவியும். அதை நம்பி மற்றதை விட்டுவிட்ட பிள்ளைக்கு ஒரு பாடத்தின் மதிப்பெண்ணே போய்விடும். அதேபோல, கொரோனா காலத்தில் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்துக்காக எடுத்த காணொளி சேனலில் இருந்தால், அதன் தலைப்பிலேயே ஆண்டைக் குறிக்க வேண்டும். இல்லையேல் நீக்கப்பட்ட பகுதி இன்றும் தேர்வில் இல்லை என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

நோன்புக் காலத்தில்

2025-இல் தமிழ்நாட்டில் பிறை அறிவிப்பின்படி நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது, பெருநாள் மார்ச் 31. தமிழ்த் தேர்வின் முந்தைய இரவும் 27-ஆம் இரவும் ஒன்றாக வந்தன. பெருநாளுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் நடுவே ஒரு நாள்தான். பொதுவான சேனல்கள் மாலை 6 மணியைப் படிப்பு நேரமாகக் கொள்ளலாம். நம் வீடுகளில் அது நோன்பு திறக்கும் நேரம். தராவீஹுக்குப் பின்னும், சஹர் முடிந்து சுப்ஹுக்குப் பின்னும்தான் பிள்ளைகள் புத்தகத்தை எடுப்பார்கள். இணைப்பை அஸருக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. Audience பகுதியில் உள்ள வரைபடம், நம் பார்வையாளர்கள் எந்த மணியில் யூடியூபில் இருக்கிறார்கள் என்று காட்டும். நம் கணிப்பு சரியா என்பதை அதில் சரிபார்க்கலாம். ரமழான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், வரும் ஆண்டுகளில் அது திருப்புதல் தேர்வுக் காலத்துக்குள் வரும். அப்போது திட்டத்தின் நடு ஏழு வாரங்களில் படப்பிடிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஜூலையின் சிறிய அலை

ஏப்ரலோடு சேனலை மூடிவிடுவது வழக்கம். ஆனால் 2025-இல் பத்தாம் வகுப்பு முடிவு மே 16 அன்று வந்தது, துணைத் தேர்வு ஜூலை தொடக்கத்தில் நடந்தது. இடையில் ஏழு வாரம்தான். தவறிய பிள்ளைக்கு அந்த நாட்களில் பள்ளியும் இல்லை, தோழர்களும் இல்லை. பிறரிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தனியே தேடும்.

இதற்குப் புதிய காணொளி எடுக்கத் தேவையில்லை. முடிவு வந்த வாரத்திலேயே, எளிதில் மதிப்பெண் பெறக்கூடிய வடிவியல், வரைபடம், ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆகியவற்றை மட்டும் சேர்த்து ஒரு வரிசையாக்கி, ‘துணைத் தேர்வு, கணிதம்’ என்று பெயரிட்டால் போதும். அதன் பார்வைகள் ஏப்ரல் உச்சத்தில் ஒரு சிறு பங்குகூட இராது. முப்பது பேர் மட்டும் பார்த்திருந்தாலும், அந்த முப்பது பேரில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண்டு மிச்சமாகலாம். அந்த வரிசைக்கான நாளையும் அக்டோபரில் போடும் திட்டத்திலேயே குறித்து வைப்போம்.