கையெழுத்துப் படியிலிருந்து அச்சுப் பக்கத்திற்கு

மனோன்மணீயம் நாடகத்தை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அந்நூல் 1891-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆசிரியர் 1897-இல் மறைந்தமையால் இன்று அதனை எவரும் மறுபதிப்புச் செய்யலாம். நம் சங்கம் போன்றதொரு மாணவர் குழு அதனைக் கணினியில் தட்டெழுதி, தம்பானூர்ப் பக்கத்து அச்சகம் ஒன்றில் கொடுக்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டெழுதிய படி A4 தாளில், 12 புள்ளி எழுத்தில், நான்கு புறமும் ஒரே அளவு ஓரத்துடன் இருக்கிறது. இதனைப் புத்தகப் பக்கமாக ஆக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நூலின் அளவைத் துணிய வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெருவழக்காயுள்ள அளவு டெமி 1/8 ஆகும். 23 × 36 அங்குலத் தாளை மடித்து மடித்துப் பதினாறு ஏடுகளாக்கினால் ஒவ்வோர் ஏடும் 5¾ × 9 அங்குலம் இருக்கும். தைத்தோ ஒட்டியோ கட்டிய பின் மேல், கீழ், வெளி ஆகிய மூன்று புறமும் கால் அங்குலம் வெட்டப்பட்டு, 5½ × 8½ அங்குலம், அதாவது 140 × 216 மி.மீ. எஞ்சுகிறது. வெட்டிய பின் நிற்கும் இவ்வளவையே அச்சகத்தார் 'டிரிம் சைஸ்' என்பர்; நாம் வெட்டளவு என்போம். நம் கோப்பின் பக்கம் இவ்வளவினதாகவே இருத்தல் வேண்டும்.

A4 கோப்பையே கொடுத்து, 'சுருக்கி அடித்துக் கொள்ளுங்கள்' என்று கூறிவிட்டால் என்ன? A4 தாளின் அகலம் 210 மி.மீ.; அது 140 ஆகும்போது எல்லாம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. 12 புள்ளி எழுத்து 8 புள்ளி ஆகிவிடும். அந்த அளவில் 'கி'யும் 'கீ'யும் ஒன்றுபோல் மயங்கும். மெய்யின் புள்ளி மங்கி மறையும். ஆதலால் பக்கத்தைச் சுருக்குதல் ஆகாது. பக்க அளவை மாற்றி, அடிகளைப் புதிதாக ஓடவிடுதலே முறை.

அடுத்தது ஓரம். இதில்தான் புதியவர்கள் பெரிதும் இடறுகின்றனர். ஒட்டுக்கட்டு நூலை விரித்தால் அது தாளைப் போல் தட்டையாகக் கிடப்பதில்லை. முதுகை ஒட்டிய பகுதி வளைந்து பள்ளமாகிறது. அப்பள்ளத்தில் வீழ்ந்த எழுத்தைப் படிக்க நூலைப் பிளந்து பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒட்டு விடும். ஆகவே முதுகுப்புற ஓரம் வெளிப்புற ஓரத்தைவிட அகன்றிருத்தல் வேண்டும். இந்த மிகையை 'கட்டர்' என்பர், கட்டோரம் எனலாம்.

எவ்வளவு மிகை வேண்டும்? நாம் செய்ய நினைக்கும் பருமனும் அதே கட்டும் உடைய பழைய நூல் ஒன்றை நடுவில் விரித்து, இயல்பாகக் கையில் பிடித்து, வளைவில் மறையும் அகலத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். இருநூறு பக்க நூலில் அது ஏறத்தாழ 8 மி.மீ. என்று கண்டால், வெளியோரம் 14 மி.மீ. கொண்டு, உள்ளோரம் 22 மி.மீ. வைக்கலாம். மறையும் 8 போக உள்ளே தெரிவதும் 14. கண்ணுக்கு இருபுறமும் ஒத்துத் தோன்றும். பக்கம் மிகுந்தால் வளைவும் மிகும். அதற்கேற்பக் கட்டோரமும் மிக வேண்டும்.

ஆனால் 'உள்' என்பது வலப்பக்கத்தில் இடக்கையிலும், இடப்பக்கத்தில் வலக்கையிலும் இருக்கிறது. எனவே Word-இல் Multiple pages என்பதில் Mirror margins தேர்ந்து, Inside 22, Outside 14, மேல் 18, கீழ் 22 என்று இடுக. Gutter என்னும் கட்டம் சுழியாகவே இருக்கட்டும். அங்கு 8 என்று இட்டால் அது Inside அளவுடன் கூடி 30 ஆகிவிடும்.

இனிப் பக்கக் கணக்கு. எழுத்துக்கு எஞ்சும் இடம் அகலம் 104, உயரம் 176 மி.மீ. எழுத்தை 11 புள்ளியாக்கி, அடிக்கு அடி 18 புள்ளி, அதாவது 6.35 மி.மீ. விட்டால், பக்கத்திற்கு 27 அடிகள் அமையும். உரைநடையாயின் அகலம் குறைந்த அளவுக்கு வரிகள் பெருகும். செய்யுளில் அப்படியன்று, ஓரடி ஒரு வரியாகவே நிற்றல் வேண்டும். ஆகவே நூலிலேயே நீண்ட அடியை முதலில் இட்டுப் பாருங்கள். அது 104 மி.மீ.க்குள் அடங்காது மடங்கினால் எழுத்தை அரைப் புள்ளி குறையுங்கள். கட்டோரத்தில் கை வைக்காதீர்கள். மனோன்மணீயத்தில் ஏறத்தாழ 4,500 அடிகள். 27-ஆல் வகுத்தால் 167 பக்கம். களத் தலைப்புகள், பாத்திரப் பெயர்கள், முகப்புப் பக்கங்கள் எல்லாம் சேர்த்து 40 பக்கம் என்று மதித்தால் 207. அச்சுத் தாள் பதினாறு பதினாறு பக்கமாக மடிவதால், ஒரு வெற்றுப் பக்கம் கூட்டி 208 ஆக்குவோம். 13 மடிப்புகள் குறையின்றி அமையும்.

ஐந்து அங்கங்களும் வலப்பக்கத்தில் தொடங்குதல் மரபு. வலப்பக்கம் என்றும் ஒற்றை எண். முன் அங்கம் ஒற்றை எண்ணில் முடிந்தால் நடுவே ஒரு வெற்றுப் பக்கம் வேண்டும். யாரேனும் அதனை வீணென்று கோப்பிலிருந்து நீக்கிவிட்டால், அதன்பின் உள்ள பக்கமெல்லாம் புறம் மாறி, அகன்ற ஓரம் வெளியேயும் குறுகிய ஓரம் முதுகிலும் போய்விடும். இதனைக் கண்டறிதல் எளிது: முதற்பக்கம் தனியாக வலத்தே நிற்க, மற்றவற்றை இரண்டிரண்டாகத் திரையில் பார்த்தால், குறை தொடங்கும் இடம் உடனே புலப்படும்.

மூன்றாவது 'பிளீட்'. வெட்டும் பொறி ஒவ்வொரு கட்டிலும் மயிரிழை பிசகாது வெட்டுவதில்லை, ஒன்றிரண்டு மி.மீ. நகரும். வண்ணம் வெட்டளவோடு நின்றால், கத்தி சற்று வெளியே விழுந்தவுடன் விளிம்பில் வெள்ளைக் கீற்றுத் தெரியும். அதனால் வண்ணத்தை வெட்டளவுக்கு அப்பால் 3 மி.மீ. நீட்டி வைப்பர். முன்னர்க் கூறிய கால் அங்குல வெட்டுமிகையில் இது அடங்கும். உள்பக்கங்களில் விளிம்பைத் தொடும் படமில்லையாயின் அங்கு இது வேண்டியதில்லை. அட்டைக்குக் கட்டாயம் வேண்டும். 208 பக்கம் என்பது 104 ஏடு. ஏட்டின் பருமன் 0.1 மி.மீ. ஆயின் முதுகு 10.4 மி.மீ. ஆகவே அட்டையின் அகலம் 3 + 140 + 10.4 + 140 + 3 = 296.4; உயரம் 3 + 216 + 3 = 222 மி.மீ. அதே மிகைவெட்டு உட்புறமும் நேரலாம். அதனால் நூற்பெயர் முதலிய எழுத்துகள் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ.யேனும் உள்ளே நிற்க வேண்டும். முதுகின் அளவு தாளைப் பொறுத்ததாகையால், அச்சகத்தாரிடம் தாளைக் கேட்டறிந்த பின்னரே அட்டையை முடிக்க வேண்டும்.

இந்நகரத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. இங்குள்ள அச்சகக் கணினிகளில் மலையாள எழுத்துருக்கள் இருக்கும். நாம் கையாண்ட தமிழ் எழுத்துரு இராமற் போகலாம். Word கோப்பாகக் கொடுத்தால் வேற்றெழுத்துரு புகுந்து, அடிகள் நகர்ந்து, நாம் இட்ட பக்கக் கணக்கெல்லாம் குலையும். எழுத்துரு உட்பொதிந்த PDF ஆகவே கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் இவ்விரு கட்டளைகளையும் இயக்கிப் பாருங்கள்:

```
pdfinfo nool.pdf
pdffonts nool.pdf
```

முதலாவதில் Page size என்பதற்கு எதிரே ஏறத்தாழ 397 x 612 pts என்று வரவேண்டும். 595 x 842 என்று வந்தால் கோப்பு இன்னும் A4 ஆகவே இருக்கிறது. இரண்டாவதில் emb என்னும் நிரலில் எல்லா எழுத்துருவுக்கும் yes இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் சரியான பின்னும், முழுப் பதிப்புக்கு முன் ஒரே ஒரு படியை அச்சிட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதன் நடுப்பக்கத்தை விரித்து, முதுகோரத்து முதலெழுத்தை நூலைப் பிளக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மற்றப் படிகளை அச்சிடலாம்.