மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தலசீமியா மேஜர் உள்ள குழந்தையின் உடல் தனக்குத் தேவையான ஹீமோகுளோபினைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. அதனால் இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றுவதற்கு மட்டும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பதிவு, படுக்கைக்கான காத்திருப்பு, ரத்த வங்கியிலிருந்து பை வருவது எல்லாம் சேர்ந்தால் ஒரு பகல் போய்விடும். பொருத்தம் பார்க்கும் 'கிராஸ் மேட்ச்' பரிசோதனைக்கு ஓரிரு நாள் முன்பே ரத்த மாதிரி கொடுத்துவிட வேண்டும். தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் தாயோ தந்தையோ இத்தனை நாளையும் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் சிக் லீவு எடுக்கலாம், அது சட்டப்படியான உரிமை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, தனக்கு உட்பட்ட ஊழியர்களுக்கு மூன்று வகை விடுப்பு தருகிறது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியபின் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. அலுவலகங்களில் இதை பி.எல். என்பார்கள். நோய் அல்லது விபத்துக்காக 12 நாளும், நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாளும் தனித்தனியே உண்டு. இவற்றில் சிக் லீவு ஊழியருக்கே வரும் நோய்க்கானது. குழந்தையின் சிகிச்சைக்கு அதை எடுத்துவிட்டு, பிறகு மருத்துவச் சான்று கேட்கும்போது திணறுகிறவர்கள் பலர். காரணத்தை மறைத்து எடுத்த விடுப்பு என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், நியாயமான அடுத்த கோரிக்கையும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். ஆக, கணக்குப் போடக் கையில் இருப்பது பி.எல். 12, கேஷுவல் லீவு 12, மொத்தம் 24 நாள்.

மத்திய அரசில் பெண் ஊழியர்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. ஆனால் அதையும் ஒரு தடவைக்கு ஐந்து நாளுக்குக் குறையாமல், பொதுவாக ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் போகாமல்தான் எடுக்க முடியும். பரீட்சைக் காலத்துக்கு அது பொருந்தும். மூன்று வாரத்துக்கு ஒரு நாள் தேவைப்படும் பெற்றோருக்கு அதன் அளவு சரிப்படாது. தனியார் துறையில் அதுவும் இல்லை. எனவே நிலையான ஏற்பாடு என்பது பெரும்பாலும் பேசி முடிவு செய்யும் விஷயம்தான்.

நம்பிக்கை: மொத்த நாளையும் ஒரேயடியாகச் சொன்னால் மேலாளர் மிரண்டுபோவார். அந்தந்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்பதே புத்திசாலித்தனம்.

அதிகம் கெடுதல் செய்யும் நம்பிக்கை இதுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆண்டில் பதினெட்டு தடவை கேட்ட ஊழியர், மேலாளரின் கண்ணுக்குப் பதினெட்டு தடவை இடைஞ்சல் செய்தவராகவே தெரிவார். மேலாளரை உண்மையில் வாட்டுவது நாளின் எண்ணிக்கையைவிட, எந்த நாள் என்று தெரியாமலிருப்பது. தலசீமியாவில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரியும் என்பது பெற்றோருக்குச் சாதகமான விஷயம். பலர் இதைப் பயன்படுத்துவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தாய்; குழந்தைக்கு 21 நாளுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். இருபத்தொன்று ஏழின் மடங்கு என்பதால் கிழமை மாறாது. 2026 ஜனவரி 8, வியாழக்கிழமை, முதல் தடவை என்றால் அடுத்தது ஜனவரி 29, பிறகு பிப்ரவரி 19, மார்ச் 12 என்று எல்லாமே வியாழனாகவே வரும். டிசம்பர் 31 வரை எண்ணினால் 18 தடவை. இதைக் காலண்டரில் குறித்து, பக்கத்திலேயே அலுவலகத்தின் நெருக்கடி நாள்களையும் எழுத வேண்டும். கணக்குப் பிரிவில் அவை ஊரறிந்தவை: டி.டி.எஸ். கட்ட 7-ஆம் தேதி, மாதாமாதம் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு 11, ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்கு 20. ஒப்பிட்டால் பிப்ரவரி 19, ஆகஸ்ட் 6, நவம்பர் 19, டிசம்பர் 10 ஆகிய நான்கு வியாழன்கள் கடைசித் தேதிக்கு முந்தைய நாளில் வந்து நிற்கின்றன. சிக்கல் இந்த நான்கில்தான். மற்ற பதினான்கும் யாரையும் பெரிதாகப் பாதிக்காது.

அடுத்து, எதிர்பாராமல் வரும் நாள்கள். காய்ச்சல் ஒன்று. உடலில் இரும்புச்சத்து சேர்ந்துவிட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தைக்கோ அது அவசர சிகிச்சைக்குரியது. பொருத்தமான ரத்தம் கிடைக்காமல் தேதி ஒரு நாள் தள்ளிப்போவதும் உண்டு. இவற்றை ஊகிக்கத் தேவையில்லை. போன வருட வருகைப் பதிவைப் பார்த்தாலே எண் கிடைத்துவிடும். இந்த எடுத்துக்காட்டில் அது ஏழு என்று வைத்துக்கொள்வோம். 18-உம் 7-உம் 25. கையில் இருப்பதோ 24. தாய் மட்டுமே போனால் ஒரு நாள் சம்பளப் பிடித்தம், சொந்தக் காரியத்துக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. கணவர் தன் அலுவலகத்தில் ஆறு நாள் எடுத்துக்கொள்ள முடிந்தால், மேலே சொன்ன நான்கு நெருக்கடி வியாழன்களையும் வேறு இரண்டையும் அவரிடம் விட்டுவிடலாம். அப்போது தாய்க்குத் திட்டமிட்ட நாள் 12. அது பி.எல். கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டிய விடுப்பும் அதுதான். திடீர் ஏழு நாளும் கேஷுவல் லீவில் அடங்கிவிடும், ஐந்து நாள் மிஞ்சும். சில நிறுவனங்கள் பி.எல்.-ஐ மூன்று நாளுக்குக் குறைந்து எடுக்க விடுவதில்லை. அந்த விதி இருந்தால் விலக்கு வேண்டும் என்று கோரிக்கையிலேயே கேட்டுவிட வேண்டும்.

கிராஸ் மேட்ச்சுக்கான மாதிரியைப் புதன்கிழமை காலையிலேயே கொடுத்துவிடலாம் என்றால் அதற்கு விடுப்பு தேவையில்லை. ஒன்றரை மணி நேர பர்மிஷன் போதும்.

கணவரின் அலுவலகம் சம்மதிக்காவிட்டால் ரத்தம் ஏற்றும் தேதியை நகர்த்தலாமே என்று தோன்றும். ஓரிரு நாள் முன்னால் கொண்டுவர மருத்துவர் சில சமயம் ஒப்புக்கொள்வார். பின்னால் தள்ளினால் ஹீமோகுளோபின் இறங்கி, குழந்தை சோர்ந்துபோகும். அதைவிட, வேலையை முன்னால் இழுப்பதே சரி: 20-ஆம் தேதி ரிட்டர்னை 18-ஆம் தேதியே முடித்துவிடுவதாக எழுதித் தரலாம்.

நம்பிக்கை: நோயின் கொடுமையை முழுவதும் சொன்னால்தான் மேலாளர் மனம் இளகும்.

இளகும். ஆனால் இரக்கத்தின் பேரில் கிடைத்த சலுகை, அந்த மேலாளர் மாறும் நாளில் முடிந்துபோகும். நோயின் பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், பெற்றோர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டுமா, இந்த நிலை எத்தனை காலம் நீடிக்கும் என்பவையே மேலாளருக்குத் தேவை. இவற்றை மருத்துவரிடம் ஒரே பக்கக் கடிதமாக வாங்கிவிடலாம். குழந்தை ஊனமுற்றோர் சான்றிதழ் பெற்றிருந்தால் அதன் நகலையும் இணைப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தலசீமியாவைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பெற்றோருக்கு விடுப்பு தரவேண்டும் என்று அச்சட்டம் தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் எச்.ஆர். பிரிவின் கோப்பில் விலக்குக்கு ஆதாரமாக ஒரு தாள் இருப்பது வேறு, வாய்ச்சொல் வேறு. ஃபெரிட்டின் அளவு, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை அலுவலகத்தில் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: அன்று வீட்டிலிருந்தே வேலை என்று வாங்கிவிட்டால் லீவே வேண்டாம்.

ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் மிகக் கவனமாகப் பார்க்கவேண்டியது. கடுமையான எதிர்வினை வந்தால் பெரும்பாலும் அப்போதே குளிர் நடுக்கம், தடிப்பு, மூச்சுத் திணறல் என்று தெரிய ஆரம்பிக்கும். பிறகும் காய்ச்சலும் துடிப்பும் அவ்வப்போது பார்க்கப்படும்; கையில் ஊசியோடு இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையைப் படுக்கையில் நிறுத்திவைப்பதே ஒரு வேலை. மடிக்கணினியோடு போய், இரண்டு அழைப்பைத் தவறவிட்டு, மூன்றாவதில் பாதியில் எழுந்து ஓடினால், விடுப்பும் போயிற்று, நம்பகமும் போயிற்று. அன்றைக்கு முழு விடுப்பு எடுப்பதே நேர்மையானது. மறுநாள் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கும்போது வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நடைமுறையில் சாத்தியம். அதைத் தனியாகக் கேட்கலாம்.

நம்பிக்கை: மேலாளர் "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

வருகைப் பதிவு மென்பொருளுக்கு அந்த "பாத்துக்கலாம்" தெரியாது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் பிடித்தம் வந்த பிறகு, "சார், நீங்கதான சொன்னீங்க" என்று போய் நிற்பது இருவருக்கும் சங்கடம். பேச்சு முடிந்த அன்றே, எச்.ஆர். பிரிவுக்கும் நகல் போகும்படி ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அது நீளமாக இருக்கத் தேவையில்லை:

"இன்று பேசியபடி, மகனின் சிகிச்சைக்காக 2026-இல் இணைப்பில் உள்ள 12 வியாழக்கிழமைகளில் பி.எல். எடுக்கிறேன். அதற்கு முந்தைய புதன்கிழமைகளில் காலை 11 மணிக்கு வருவேன். அந்த நாள்களில் என் வேலையைக் கவனிக்க இன்னார் ஒப்புக்கொண்டுள்ளார். அவருடைய விடுப்பு நாள்களில் அவர் வேலையை நான் பார்ப்பேன். திடீரென வர முடியாமல் போனால் காலை 8.30-க்குள் தகவல் சொல்வேன். அன்று முடியவேண்டிய வேலை எது, கோப்பு எங்கே என்பதையும் அதிலேயே எழுதுவேன். மூன்று மாதம் இப்படி நடத்திப் பார்த்து, ஏப்ரல் முதல் வாரத்தில் மாற்றம் தேவையா என்று பேசலாம்."

இதில் எளிதில் பிசகுவது மாற்று ஆள் பற்றிய வரி. அவரைக் கேட்காமலே பெயரை எழுதிவிடுவது, அல்லது அவருக்குக் கடவுச்சொல்லும் கோப்புகளும் கொடுக்காமல் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஏற்பாடு சரியாக ஓடவில்லை என்பதை இரண்டு அறிகுறிகளில் கண்டுகொள்ளலாம்: வியாழக்கிழமைகளில் மருத்துவமனைக்கு அலுவலக அழைப்புகள் வருவது, மாற்று ஆளிடம் போகவேண்டிய வேலை வெள்ளிக்கிழமை மேசையில் குவிந்து கிடப்பது. மூன்று மாதப் பரிசீலனையில் முதலில் பேச வேண்டியவை இவை.

குழந்தை வளர வளர எடைக்கேற்ப ஏற்றும் ரத்தத்தின் அளவும் சில சமயம் இடைவெளியும் மாறும். மருத்துவர் 21 நாளை 28 ஆக்கினாலும் கிழமை மாறாது; தேதிப் பட்டியலை மட்டும் புதிதாக அனுப்பினால் போதும். 25 நாள் என்றால் கிழமையும் ஒவ்வொரு தடவையும் நகரும். அப்போது காலண்டரைத் திரும்பப் போட்டு, கணவன் மனைவி பங்கீட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முடிவானால் இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கவேண்டி வரும். அதற்குப் பிறகும் பல மாதம் தொற்று வராமல் காத்து, அடிக்கடி பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். அதற்கு நீண்ட விடுப்பைத் தனிக் கோரிக்கையாக, சிகிச்சைத் தேதி உறுதியாகும் முன்பே பேசத் தொடங்க வேண்டும்.