தடுத்தலும் தவிர்த்தலும்: முட்டுநிலைப் பாடத்தை ஒற்றைத் தடத்தில் நடத்துதல்

இயக்க அமைப்பு பாடத்தில் டெட்லாக் எனப்படும் முட்டுநிலையை விளக்கி முடித்ததும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தடுத்தலும் தவிர்த்தலும் ஒன்றுதானே ஐயா?" தமிழில் இரண்டும் நெருங்கிய சொற்கள், இயக்க அமைப்பில் இவை வெவ்வேறு வேலைகள். தாம்பரம் பகுதி மாணவர்களுக்கு இதை விளக்க ரயில் பாதையே போதும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போகவும் வரவும் தனித்தனிப் பாதை. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் தடமோ பெரும்பாலும் ஒற்றைப் பாதை. அங்கே எதிரெதிர் ரயில்கள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும்.

அப்படி ஓர் ஒற்றைத் தடத்தில் அடுத்தடுத்த இரு நிலையங்களைக் கரும்பலகையில் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பாதைகள். மேற்கு நிலையத்தில் கிழக்கே போக வேண்டிய இரண்டு ரயில்கள். கிழக்கு நிலையத்தில் மேற்கே போக வேண்டிய இரண்டு ரயில்கள். இனி எந்த ரயிலும் நகர முடியாது. 1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகியோர் தொகுத்துக் கூறிய நான்கு நிபந்தனைகளும் இப்படத்தில் உள்ளன.

1. தனி உரிமை: ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயிலே நிற்கலாம்.
2. பிடித்தபடி காத்திருத்தல்: நிற்கும் பாதையை விடாமலே அடுத்த பாதையைக் கேட்கிறது.
3. பறிக்க இயலாமை: நிற்கும் ரயிலைத் தூக்கி ஓரமாக வைக்க முடியாது.
4. வட்டக் காத்திருப்பு: மேற்கில் உள்ளவை கிழக்கு காலியாகக் காத்திருக்கின்றன, கிழக்கில் உள்ளவை மேற்கு காலியாக.

நான்கும் ஒருசேர இருந்தால்தான் முட்டுநிலை வரும். ஒன்று குறைந்தாலும் வராது.

தடுத்தல் என்பது இவற்றில் ஒன்று எப்போதுமே நிகழாதபடி விதியை முன்கூட்டியே அமைப்பது. இரட்டைப் பாதை போட்டால் எதிரெதிர் ரயில்கள் ஒரே பாதையைக் கேட்பதே இல்லை, வட்டம் உருவாகாது. நிரலிலும் அப்படித்தான்:

```
T1: lock(A)  lock(B)
T2: lock(B)  lock(A)
```

T1 A-யையும் T2 B-யையும் பிடித்துக்கொண்டால் இரண்டும் நின்றுவிடும். 'எவரும் A-க்குப் பிறகே B-யைக் கேட்க வேண்டும்' என்று வரிசை வகுத்துவிட்டால் வட்டம் வராது. லினக்ஸ் கருநிரலை எழுதுவோர் இத்தகைய வரிசையைக் கடைப்பிடிக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு கோரிக்கையின்போதும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் B மட்டும் முதலில் தேவைப்படும் நிரலும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

தவிர்த்தல் அப்படியன்று. நான்கு நிபந்தனைகளும் நிகழ இடம் உண்டு. ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் 'இதைக் கொடுத்த பிறகும் எல்லோரும் முடிக்க வழி இருக்குமா?' என்று பார்க்கப்படும். மேற்கு நிலையத்தில் இரண்டு ரயில்கள். கிழக்கில் ஒன்று, ஒரு பாதை காலி. அந்தக் காலிப் பாதைக்கு இன்னொரு எதிர் ரயிலை அனுமதித்தால் முட்டுநிலை. அதனால் பாதை காலியாக இருந்தும் அந்த ரயிலை முந்தைய நிலையத்திலேயே நிறுத்த வேண்டும்.

இதைக் கணக்காகச் செய்வது டைக்ஸ்ட்ரா 1960-களில் தந்த வங்கியாளர் நெறிமுறை. வகுப்பில் 10 சாக்பீஸ்களை வைத்து மூன்று மாணவர்களைக் கொண்டு நடத்தலாம். ஒவ்வொருவரும் தன் உச்சத் தேவையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; அது முழுதும் கிடைத்தால் வேலையை முடித்து, எல்லாவற்றையும் திருப்பித் தருவார்.

- அ: உச்சம் 8, கையில் 4, இன்னும் தேவை 4
- ஆ: உச்சம் 3, கையில் 1, இன்னும் தேவை 2
- இ: உச்சம் 7, கையில் 2, இன்னும் தேவை 5

பெட்டியில் மீதி 3. ஆ-வுக்கு 2 கொடுத்தால் முடித்துத் திருப்புவார், மீதி 4. அ-வுக்கு அந்த 4-ஐக் கொடுத்தால் அவரும் முடிப்பார், மீதி 8. பிறகு இ. எனவே இது பாதுகாப்பான நிலை.

இப்போது இ ஒன்று கேட்கிறார். கொடுத்தால் மீதி 2. ஆ முடித்த பின் 3 ஆகும். அ-வுக்கு 4 தேவை, இ-க்கும் 4 தேவை. இருவரையும் முடிக்க வைக்க வழியில்லை. ஆகவே பெட்டியில் 3 இருந்தும் இ காத்திருக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: பாதுகாப்பற்ற நிலை என்றாலே முட்டுநிலை என்று எழுதுவார்கள். அப்படியன்று. இ தன் உச்சத்தைக் கேட்காமலே முடித்துவிடவும் கூடும். அது முட்டுநிலைக்கு வழி திறந்த நிலை, அவ்வளவே.

உச்சத் தேவை முன்பே தெரிய வேண்டும் என்பதே தவிர்த்தலின் குறை. நாம் பயன்படுத்தும் விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றில் ஒரு நிரல் என்னென்ன கேட்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அவை இந்நெறிமுறையைப் பொதுவாகக் கையாள்வதில்லை.

பாட முடிவில் ஒரு கேள்வி: அதே தொடக்க நிலையில், இ-க்குப் பதில் அ ஒன்று கேட்டால் கொடுக்கலாமா? மீதி 2, ஆ முடித்ததும் 3, அ-வின் தேவையும் இப்போது 3. கொடுக்கலாம். ஒரே ஒரு சாக்பீஸ்தான். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இதை மாணவரே கணக்கிட்டுச் சொல்லிவிட்டால் தவிர்த்தல் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.