டிரேயைக் குறைத்தால் கோளாறு தெரியும்

டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ பட்டியலிட்ட ஏழு வீணடிப்புகளில் தேங்கிய சரக்கும் ஒன்று. அதில் பணம் முடங்குவது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். தெரியாத நஷ்டம் இன்னும் பெரியது. முதல் மெஷின் நின்றாலும் அடுத்ததற்கு வேலை இருந்துகொண்டே இருப்பதால், ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எழுப்பும் வழியை, பம்ப் ஷாஃப்ட் செய்யும் பட்டறை ஒன்றை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரே ஓர் இடத்தை எடுங்கள்: லேத்துக்கும் கிரைண்டிங்குக்கும் நடுவே. அங்கே 600 ஷாஃப்ட் கிடக்கிறது, கிரைண்டிங்கில் நாளுக்கு 200 போகிறது என்றால், அது மூன்று நாள் சரக்கு. லேத்தில் ஆஃப்செட் தவறி பேரிங் உட்காரும் இடம் மெலிந்துபோனால், கிரைண்டிங்கில் அது தெரிய மூன்று நாள் ஆகும். அதுவரை லேத் கழிவைத்தான் கடைந்துகொண்டிருக்கும்.

அடுத்து, டிரேக்கு 50 வீதம் 12 டிரேயில் அடுக்குங்கள். காலி டிரே இல்லையென்றால் அந்த ஷாஃப்ட்டைக் கடையக் கூடாது. இந்த விதியை மீறத்தான் முதலில் பார்ப்பார்கள். மூலையில் சாக்குக்கு அடியில் ஷாஃப்ட் முளைக்கும். ஆளைத் திட்டிப் பயனில்லை. லேத்காரருக்குப் பீஸ் கணக்கில் இன்சென்டிவ் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

பிறகு இரண்டு டிரேயை எடுத்துப் பூட்டி வையுங்கள். ஒரு வாரம் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையா, இன்னும் இரண்டு. ஆறு டிரேக்கு வரும்போது கிரைண்டிங் காத்துக் கிடக்கும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது: எட்டு மணி நேர ஷிப்டில் லேத் வேறு ரகத்தை எட்டு மணி நேரம் ஓட்டுகிறது, போக இரண்டு மணி, வர இரண்டு மணி செட்டிங். மொத்தம் ஒன்றரை நாள், 300 ஷாஃப்ட். ஜா தேடுவதில் கால் மணி கூடினாலும் சரக்கு தீர்ந்துவிடும்.

இங்கே டிரேயைத் திருப்பி வைக்கச் சொல்லி நெருக்குவார்கள். டெலிவரி தவறும் நிலை என்றால் ஒன்றைக் கொடுங்கள், ஆனால் நின்ற நேரத்தையும் காரணத்தையும் பலகையில் எழுதிய பிறகு. செட்டிங்கைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜா ஸ்டோரில் இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும், கேஜ் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும். லேத் ஓடும்போதே இவற்றைக் கொண்டுவந்து வைத்து, செட்டிங் 40 நிமிடமாகக் குறைந்தால் ஐந்து டிரே போதும். மற்ற ரகத்தையும் அரை நாளாகச் சுருக்கினால் மூன்று.

அதற்குக் கீழே போக செட்டிங்கை இன்னும் குறைக்க வேண்டும். வெறுமனே டிரேயை எடுத்தால் கிரைண்டிங் நிற்பது மட்டுமே மிச்சம். வெளியிலிருந்து வாங்கும் பொருளில் இந்தச் சோதனை வேண்டாம், அங்கே காரணம் உங்கள் கையில் இல்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே சிப் சப்ளையர்களைச் சில மாத இருப்பு வைத்திருக்கச் சொன்னது.