கூட்டம் தொடங்குமுன் ஐந்து நிமிடம்

ஸூம் கூட்டம் நடத்தும் பொறுப்பு என்னிடம் வரும்போது, ஏனையோர் வந்து சேரும்வரை உள்ள ஐந்து நிமிடத்துக்கும் ஆயத்தமாக இருப்பேன்.

முதலில் வருபவருக்கு ஸலாம் சொல்லி, பெயர் சொல்லியே கேட்பேன்: "ராத்தா, ஓட்டமாவடியில கச்சான் காத்து எப்படி?" "எல்லாரும் சுகமா?" என்று பொதுவாகக் கேட்டால், ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் இருவர் ஒன்றாகப் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்திவிடுவர். பெயர் சொன்னால் யார் பேசுவது என்பது தெளிவு. பதிலிலேயே அவருடைய மைக் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தவர் நுழைந்ததும், "வாங்க, கச்சானைப் பத்தித்தான் கதைக்கிறம். காத்தான்குடியில எப்படி?" என்று பேச்சுக்குள் சேர்த்துக்கொள்வேன். புள்ளிகள், நோய், வீட்டு விஷயம் எதையும் கேட்பதில்லை. பாதியில் நுழைபவர் காதில் அவை விழக்கூடும்.

செய்திக்காக அன்றி உறவுக்காகப் பேசும் இத்தகைய பேச்சை மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் தனியாக இனங்கண்டு பெயரிட்டார்.

இலவச ஸூம் கூட்டத்துக்கு 40 நிமிடமே எல்லை. இந்த ஐந்தும் அதிலேயே கழியும். ஆகவே குறித்த நேரம் வந்ததும், "மிச்சத்தைக் கடைசியில கதைப்பம்" என்று சொல்லி நிகழ்ச்சிக்குள் நுழைந்துவிடுவேன்.