இரண்டாம் அடுக்குக்கு எந்தக் கணிப்பைத் தருவது?

வெவ்வேறு வகையான பல மாதிரிகளைப் பயிற்றுவித்து, அவற்றின் கணிப்புகளையே உள்ளீடாகக் கொண்டு இன்னொரு மாதிரியைப் பயிற்றுவிக்கும் முறைக்கு ஸ்டாக்கிங் என்று பெயர். 1992-இல் டேவிட் வோல்பர்ட் இதை முன்வைத்தார். முதல் அடுக்கில் இருப்பவை அடிப்படை மாதிரிகள். அவற்றுள் எதனை எவ்வளவு நம்புவது என்று கற்றுக்கொள்வது இரண்டாம் அடுக்கு. இம்முறையின் வெற்றி இரண்டாம் அடுக்குக்கு எந்த மாதிரி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைவிட, அதற்குக் காட்டப்படும் கணிப்புகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றன என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன. எளிதாகத் தோன்றும் முதல் வழியில், அடிப்படை மாதிரிகள் எந்தத் தரவில் பயின்றனவோ அதே தரவுக்குக் கணிப்புகளைத் தர, அவை இரண்டாம் அடுக்குக்கு அனுப்பப்படுகின்றன. இது ஏன் தவறு என்பதை ஒரு கணக்கால் காணலாம். 10,000 வரிசைகள் கொண்ட தரவில், ஆம் அல்லது இல்லை என்ற விடைகளில் 20 விழுக்காடு தற்செயலாக மாறிப் பதிவாகியுள்ளன என்றும், இரு வகைகளையும் பிரிக்கும் உண்மையான எல்லை ஒரு நேர்கோடு என்றும் கொள்வோம். அக்கோட்டைச் சரியாகக் கற்ற லாஜிஸ்டிக் ரிக்ரஷன், பதிவான விடைகளோடு சுமார் 80 விழுக்காடு ஒத்துப்போகும். பழைய தரவிலும் புதிய தரவிலும் அந்த அளவு ஏறத்தாழ ஒன்றே. மிக அருகிலுள்ள ஒரே வரிசையின் விடையைத் தன் கணிப்பாகத் தரும் அண்மை அயல் மாதிரியோ, பயின்ற தரவில் ஒவ்வொரு வரிசைக்கும் தானே அண்மையான அயல் என்பதால், 100 விழுக்காடு சரியாக விடையளிக்கும். புதிய தரவில் நிலைமை வேறு: புதிய வரிசையின் விடையும் அயலின் விடையும் இரண்டும் சரியாக இருந்தாலோ, இரண்டும் மாறியிருந்தாலோ மட்டுமே அவை ஒத்துப்போகும் என்பதால், அதன் அளவு 0.8 × 0.8 + 0.2 × 0.2, அதாவது சுமார் 68 விழுக்காடே. ஆனால் இரண்டாம் அடுக்கு கண்டதெல்லாம் அந்த 100 விழுக்காடுதான். ஆகவே அது எடை முழுவதையும் மோசமான மாதிரிக்கே அளிக்கும். விடை கணிப்பின் வழியாக உள்ளீட்டுக்குள் புகுந்துவிடும் இந்நிலையே கசிவு எனப்படுகிறது. எனவே முதல் வழியை எந்நிலையிலும் தேர்ந்தெடுக்கலாகாது. scikit-learn நூலகத்தில் `cv="prefit"` என்று கொடுத்து, அடிப்படை மாதிரிகள் பயின்ற அதே தரவை மீண்டும் அளிப்பவர் அறியாமலே இவ்வழியில் சென்றுவிடுகிறார்.

இரண்டாம் வழி, ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது. 8,000 வரிசைகளில் அடிப்படை மாதிரிகள் பயின்று, அவை பார்த்திராத 2,000 வரிசைகளுக்குத் தரும் கணிப்புகளில் இரண்டாம் அடுக்கு பயிலும். மூன்றாவது, குறுக்குச் சரிபார்ப்பு வழி: தரவை ஐந்து கூறுகளாக்கி, நான்கில் பயின்ற மாதிரி மீதமுள்ள ஒன்றுக்குக் கணிப்புத் தரும்படி ஐந்து முறை செய்தால், எல்லா வரிசைகளுக்கும் அவற்றைப் பார்த்திராத மாதிரியின் கணிப்பு கிடைத்துவிடும். பின்னர் அடிப்படை மாதிரிகள் முழுத் தரவிலும் ஒருமுறை பயில்வதால், ஒவ்வொன்றுக்கும் ஆறு பயிற்சிகள் ஆகின்றன. தரவு குறைவாக இருக்கும்போது இச்செலவு தகும்; தரவு ஏராளமாகவும் ஒரு பயிற்சிக்கே பல மணி நேரமாகவும் இருந்தால் ஒதுக்கும் வழியே போதுமானது. காலவரிசைத் தரவிலும் ஒதுக்கும் வழிதான் பொருந்தும். கூறுகளாகப் பிரித்தால் பின்னால் நடந்ததைக் கற்று முன்னால் நடந்ததைக் கணிக்க நேரும்.

மூன்றாம் வழியைத் தேர்ந்த பிறகும் கசிவு வரக்கூடும் என்பதே கூடுதல் கவனத்துக்குரியது. ஊர்ப்பெயர் போன்ற ஒரு பத்தியை, அவ்வூரின் சராசரி விடையால் மாற்றியமைக்கும் வேலையைக் கூறுபோடுவதற்கு முன்பே முழுத் தரவிலும் செய்துவிட்டால், ஒவ்வொரு வரிசையின் விடையும் அதன் உள்ளீட்டில் கலந்துவிடும். அவ்வேலை ஒவ்வொரு கூறின் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடைபெற வேண்டும். பயிற்சியை எப்போது நிறுத்துவது என்பதை, கணிப்புத் தரவேண்டிய அதே கூறைப் பார்த்து முடிவு செய்வதும் இத்தகையதே. ஒரே நோயாளியின் பல பதிவுகள் தரவில் இருந்தால், அவை அனைத்தும் ஒரே கூறில் விழ வேண்டும். அதற்குப் பிரிவினையை முன்கூட்டியே செய்து கொடுக்கலாம்:

```
splits = list(GroupKFold(n_splits=5).split(X, y, groups))
StackingClassifier(models, final_estimator=LogisticRegression(), cv=splits)
```

கசிவைக் கண்டுபிடிக்க, இரண்டாம் அடுக்குக்குச் சென்ற கணிப்புகளின் பரவலையும் புதிய தரவுக்கான கணிப்புகளின் பரவலையும் மாதிரிவாரியாக ஒப்பிட வேண்டும். முன்னது 0, 1 ஆகிய இரு முனைகளிலும் குவிந்தும் பின்னது நடுவில் பரந்தும் இருந்தால் ஐயம் கொள்ளலாம். மிக நெகிழ்வான மாதிரியே எடை முழுவதையும் பெற்றிருந்தால் ஐயம் வலுக்கும். இரண்டாம் அடுக்கு எளியதாக இருப்பதும் ஒரு காப்பு: 1996-இல் லியோ பிரெய்மன் எடைகள் எதிர்மமாகாதபடி கட்டுப்படுத்திய நேரியல் சேர்க்கையையே பரிந்துரைத்தார். மேலும், கூறுவாரிக் கணிப்புகளின் அட்டவணையிலேயே இரண்டாம் அடுக்கை மீண்டும் குறுக்குச் சரிபார்த்துப் பெறும் மதிப்பெண் சற்றே மிகையாக அமையலாம். ஏனெனில் ஒரு வரிசையின் விடை, பிற வரிசைகளின் கணிப்புகளை உருவாக்கிய மாதிரிகளில் ஏற்கெனவே பங்கு கொண்டிருக்கிறது. ஆதலால் இறுதி மதிப்பீட்டுக்கு, எந்த அடுக்கும் தொடாத தனித் தரவு ஒன்றைத் தொடக்கத்திலேயே பிரித்துவைப்பது அவசியமாகிறது.