வட்டியில்லாத் தவணையில் ஃப்ரிட்ஜ்

எங்கள் ஃப்ரிட்ஜ் பழசாகிவிட்டது. 30,000 ரூபாய் ஃப்ரிட்ஜை வட்டியில்லாமல் 12 தவணையில் தருகிறார்கள். வாங்கலாமா, பணம் சேர்த்து வாங்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பழையது இன்னும் ஓடுகிறது என்றால் சேர்த்தே வாங்குங்கள், சகோதரி. முதலில், "மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று கடையில் கேளுங்கள். 28,500 என்றால், குறையும் அந்த 1,500தான் தவணைக்கான வட்டி. விலைக்குள்ளேயே அதை வைத்திருக்கிறார்கள். செயலாக்கக் கட்டணம் 500 என்று வையுங்கள். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90. ஆக, தவணையில் 2,090 ரூபாய் கூடுதல். மாதத் தவணையாகக் கட்டும் அதே 2,500-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால், 12 மாதத்தில் 30,000-மும் சிறிது வட்டியும் கையில் இருக்கும்.

ஃப்ரிட்ஜ் அடியோடு நின்றுவிட்டதா? ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றாக இருந்து, கட்டணமும் இல்லையென்றால் தவணையிலேயே தயங்காமல் வாங்குங்கள். தவணைத் தேதியில் மட்டும் கணக்கில் பணம் இருக்கட்டும். தவறினால் அபராதம் உண்டு.